விபிஎஃப்பில் 20,000, பர்சனல் லோனுக்கு 14.5 சதவீதம்

கேள்வி: எனக்கு 38 வயது. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 60,000, மொத்தச் சம்பளம் 1,10,000. புதிய வரி முறையில் இருக்கிறேன். கட்டாயப் பிஎஃப் போக, மூன்று வருஷமாக மாதம் 20,000 விபிஎஃப், அதாவது நானாக விரும்பிப் போடும் கூடுதல் பிஎஃப், போடுகிறேன். கையில் பணம் இருந்தால் சொந்தக்காரர்கள் கேட்பார்கள் என்றுதான் இப்படிச் செய்தேன். ஆனாலும் போன வருஷம் என் மச்சினன் கடை வைக்க 4 லட்சம் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தேன் (14.5 சதவீதம், 4 வருஷம்). அவர் இதுவரை எதுவும் திருப்பித் தரவில்லை. ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை கிரெடிட் கார்டில் கட்டினேன். அதில் 60,000 நிற்கிறது. இப்போது மச்சினன் இன்னும் 3 லட்சம் கேட்கிறார், வீட்டிலும் நெருக்குகிறார்கள். பிஎஃப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கலாமா? விபிஎஃப்பை 30,000 ஆக்கினால் நல்லதா? நண்பர் ஒருவர் 'கேரண்டீட் இன்கம்' பாலிசி போடச் சொல்கிறார். தூக்கம் வரவில்லை.

பதில்: முதலில் உங்கள் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து ஏதாவது ஒரு மாத வரியைப் பாருங்கள். உங்கள் பங்கு 27,200. நிறுவனத்தின் பங்கு 5,950. ஓய்வூதியத்துக்கு 1,250. உங்கள் 27,200-ல் கட்டாயப் பங்கு 7,200 மட்டும்தான்; மீதி 20,000 நீங்களாகப் போட்டது. அந்த 20,000-க்கு எதிராக நிறுவனம் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை, ஓய்வூதியமும் அதனால் கூடாது. விபிஎஃப்பால் கிடைப்பது வட்டி ஒன்றுதான். அது நல்ல வட்டி. 2023-24, 2024-25 இரண்டு வருஷங்களுக்கும் 8.25 சதவீதம் கொடுத்தார்கள். இவ்வளவு பாதுகாப்பான இடத்தில் இந்த வட்டி கிடைப்பது அரிது.

ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது வேறு. ஒரு பக்கம் 8.25 சதவீதத்துக்குப் பணம் போட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் 14.5 சதவீதத்துக்குக் கடன் கட்டுகிறீர்கள். கார்டில் நிற்கும் 60,000-க்கு மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்டுகளில் அதை ஒட்டித்தான் வட்டி இருக்கும். வட்டி 2,100, அதன் மேல் ஜிஎஸ்டி சேர்த்தால் மாதம் ஏறக்குறைய 2,480. நீங்கள் போடும் 20,000 விபிஎஃப் ஒரு முழு வருஷம் கிடந்து சம்பாதிப்பது 1,650. ஒரு வருஷ வட்டியை கார்டு ஒரே மாதத்தில் விழுங்கிவிடுகிறது.

உங்கள் சிக்கல் விபிஎஃப் இல்லை. யாராவது கேட்டால் உங்கள் பெயரில் கடன் எடுத்துக் கொடுக்கும் பழக்கம்தான் சிக்கல். பணத்தை மறைத்து வைத்தால் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தீர்கள். அவர்கள் பணத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கேட்கிறார்கள். சம்பளச் சீட்டு இருக்கும்வரை வங்கி கடன் தரும் என்பது அவர்களுக்கும் தெரியும். கையில் பணம் இல்லாததால் 'இல்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'லோன் போட்டுத் தருகிறேன்' என்று சொல்லிவிட்டீர்கள். கையில் இருந்த பணத்தைக் கொடுத்திருந்தால்கூட இழப்பு இதைவிடக் குறைவாக இருந்திருக்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். உங்கள் லோனுக்கு இஎம்ஐ 11,000 சொச்சம். ஒரு வருஷம் கட்டிய பிறகும் இன்னும் 3.2 லட்சம் பாக்கி இருக்கும். மீதி மூன்று வருஷத்தில் வட்டியாக மட்டும் சுமார் 76,000 போகும்.

அந்த 20,000 விபிஎஃப்பை உடனே நிறுத்துங்கள். நீங்கள் புதிய வரி முறையில் இருப்பதால் விபிஎஃப்புக்கு 80சி கழிவு கிடைப்பதில்லை. நிறுத்தினால் வரி கூடாது, 20,000-மும் முழுசாகக் கைக்கு வரும். ஏற்கெனவே போட்ட பணம் அப்படியே இருந்து வட்டி சம்பாதிக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. முதல் நான்கு மாதம் இந்தப் பணம் கார்டுக்கு. புதிதாக எதையும் அதில் தேய்க்காமல் இருந்தால் நான்காம் மாதம் கார்டு பூஜ்யமாகிவிடும். அப்புறம் அதே 20,000 லோனுக்கு. இஎம்ஐயோடு சேர்த்து மாதம் 31,000 போனால், பத்தே மாதத்தில் லோனும் முடியும். மூன்று வருஷம் இழுக்க வேண்டிய கடன் 14 மாதத்தில் முடிகிறது. வட்டி 76,000-லிருந்து 34,000 அளவுக்கு இறங்கும். அந்த 14 மாதத்தில் விபிஎஃப்பில் நீங்கள் விடும் வட்டி 12,000, 13,000 இருக்கும். கார்டு வட்டியில் தப்புவது தனி லாபம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பர்சனல் லோனில் மாதாமாதம் கூடுதலாகக் கட்ட எல்லா வங்கியும் விடுவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறைதான் கட்டலாம், இவ்வளவுக்குக் குறையாமல் கட்ட வேண்டும், இத்தனை சதவீதம் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள். பகுதி பகுதியாகக் கட்ட முடியாது என்றால் 20,000-ஐத் தனியாக ஒரு ரெக்கரிங் டெபாசிட்டில் சேர்த்து, பாக்கித் தொகைக்குச் சமமானதும் ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். மிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முன்கூட்டி அடைக்கும் கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கிளையில் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

இன்னொரு தடை உங்கள் அலுவலகத்திலேயே இருக்கலாம். விபிஎஃப்பைக் கூட்டவோ நிறுத்தவோ பல நிறுவனங்கள் ஏப்ரலில் மட்டும், சில நிறுவனங்கள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் அனுமதிக்கின்றன. சம்பளப் பிரிவுக்கு இன்றே மெயில் போட்டு, எந்த மாதச் சம்பளத்திலிருந்து நிறுத்த முடியும் என்று கேளுங்கள். நடுவில் முடியாது என்றால் ஒருமுறை கடன் நிலைமையைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், விதிவிலக்குத் தருவதும் உண்டு. கிடைக்கவில்லை என்றால், அதுவரை வரும் போனஸ் எதுவானாலும் கார்டுக்கே போகட்டும்.

பிஎஃப்பிலிருந்து 3 லட்சம் எடுத்து மச்சினனிடம் கொடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடாது. முன்பணம் எடுக்கும் விதிகளைத் தளர்த்த 2025 அக்டோபரில் பிஎஃப் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. அதனால் எடுப்பது எளிதாகலாம். எடுக்க முடியும் என்பதற்காக எடுத்தால், அந்தப் பணத்தைத் திரும்பக் கொண்டுபோய் அங்கே வைக்க வழி இல்லை. உங்களுக்கு 58 ஆக இன்னும் 20 வருஷம். இதே 8.25 நீடித்தால் இன்றைய 3 லட்சம் அப்போது 14.6 லட்சம். மச்சினன் கேட்பது 3 லட்சம் என்று நினைக்காதீர்கள். உங்கள் முதுமையிலிருந்து 14 லட்சம் கேட்கிறார்.

அடுத்து, 30,000 ஆக்கலாமா என்பது. கடன் இல்லாவிட்டால்கூட உங்களுக்கு 20,000-மே அதிகம். காரணம் 2021 ஏப்ரலில் வந்த வரம்பு. ஒரு வருஷத்தில் உங்கள் பங்காக (கட்டாயமும் விபிஎஃப்பும் சேர்த்து) 2.5 லட்சத்துக்கு மேல் போனால், மேலே போன தொகையின் வட்டிக்கு வரி உண்டு. உங்கள் பங்கு வருஷத்துக்கு 3,26,400. ஏப்ரலில் தொடங்கினால் ஜனவரி வாக்கில் 2.5 லட்சத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். மீதி 76,400 தனியாக ஒரு வரிக் கணக்கில் விழுகிறது. பலர் கவனிக்காத இடம் இதுதான்: அந்த வருஷத்து வட்டிக்கு மட்டும் வரி கட்டிவிட்டு விடுபட முடியாது. அந்தக் கணக்கில் விழுந்த பணம் அங்கேயே இருக்கும், அதன் வட்டிக்கு ஒவ்வொரு வருஷமும் வரி வரும். மூன்று வருஷத்தில் உங்கள் வரிக் கணக்கில் இரண்டரை லட்சத்தை ஒட்டிச் சேர்ந்திருக்கும். இனி அதற்கு வருஷம் 20,000 சொச்சம் வட்டி வரும், கையில் எடுக்காவிட்டாலும் வரி உண்டு. வட்டி 5,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ்ஸும் பிடிப்பார்கள். கடந்த வருஷங்களின் ரிட்டர்னில் இதைக் காட்டினீர்களா என்று வருமான வரித் தளத்தில் இருக்கும் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையோடு ஒத்துப் பாருங்கள்.

15 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு, செஸ் சேர்த்தால், வரி போக அந்தப் பகுதிக்கு நிற்பது 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 5.7தான். ஆகவே கடன் முடிந்து, மூன்று மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் தனியாக வைத்த பிறகு, விபிஎஃப்பை மாதம் 13,600-க்குள் வைத்துத் தொடங்குங்கள். 2.5 லட்சத்தில் கட்டாயப் பங்கான 86,400-ஐக் கழித்துப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது இது. சம்பளம் உயர்ந்தால் இந்தத் தொகையைக் குறைக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 66,000 ஆனால் 12,900தான் இடம் இருக்கும். சம்பளப் பிரிவில் விபிஎஃப்பைச் சதவீதமாகப் பதிந்திருந்தால் சம்பள உயர்வோடு அதுவும் தானாக ஏறி வரம்பை மீறும். ரூபாயாகப் பதியச் சொல்லுங்கள்.

கேரண்டீட் இன்கம் பாலிசி வேண்டாம். பாலிசி விற்பவர் காட்டும் அட்டவணையில் பெரிய எண்கள் இருக்கும். எந்த வருஷம் கட்டி எந்த வருஷம் வாங்குகிறோம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 5, 6 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். நடுவில் விட்டால் நஷ்டம். 14.5 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு இதில் கையெழுத்துப் போட்டால் நீங்கள் எனக்கு எழுதியதே வீண்.

மச்சினனிடம் நீங்களும் மனைவியும் சேர்ந்து பேசுங்கள். பேசுவதற்கு முன் லோன் ஸ்டேட்மென்ட்டையும் கார்டு பில்லையும் மனைவியிடம் காட்டுங்கள். வீட்டில் நெருக்குகிறவர்கள் அந்த இரண்டு தாளையும் பார்த்திருக்க மாட்டார்கள். 'என் கடன் அடுத்த வருஷக் கடைசியில்தான் முடியும், அதுவரை என்னால் முடியாது, முதல் 4 லட்சத்துக்கு மாதம் 5,000 ஆவது நீங்கள் கட்ட ஆரம்பியுங்கள்' என்று சொன்னால் போதும். அவர் வேறு இடத்தில் கடன் வாங்க ஜாமீன் கையெழுத்துக் கேட்டால் அதையும் போடாதீர்கள். அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களைத்தான் தேடி வரும்.