சிங்கரா, சிங்ஙரா?

அண்ணா, நான் பி.ஏ. இங்கிலீஷ் செகண்ட் இயர். சிங்கர், ஃபிங்கர் ரெண்டுலயும் நடுவுல என், ஜி தானே, அதனால ஒரே சத்தம்தான்னு ரூம்மேட் அடிச்சு சொல்றான். வேற வேறன்னு நான் சொல்றேன், ஆனா எப்படின்னு கேட்டா விளக்கத் தெரியல. யாரு சரி?

தம்பி, நீங்க சொன்னதுதான் சரி, ஆனா உங்க ரூம்மேட்டுக்கும் சப்போர்ட்டுக்கு ஊர் இருக்கு, கடைசில சொல்றேன். இதே சண்டை எங்க ஹாஸ்டல்ல ஒரு ராத்திரி நடந்துச்சு. ஒருத்தன் மதுரை, இன்னொருத்தன் நாகர்கோவில், வீட்ல மலையாளமும் பேசுவான்.

"தங்கம், சங்கு மாதிரிதான்டா, அதுல என்ன ரெண்டு?"

"தங்கம்னு மெதுவா சொல்லு. ங்-ல நில்லு, மூக்கு வழியா வருதா? அப்புறம் நாக்கோட பின்பக்கம் மேலேருந்து விடும்போது வாயில ஒரு சின்ன வெடிப்பு வருதுல்ல, அது க. ஆக ரெண்டு சத்தம். ஃபிங்கர் அந்த ரகம்."

"அப்ப சிங்கர்?"

"அதுல வெடிப்பே கிடையாது, மூக்குலேருந்து நேரா அர்-க்கு போயிடணும். மாங்காய மலையாளத்துல மாங்ஙன்னு சொல்வோம்ல, அந்த சத்தம். சிங்ஙர்."

"தமிழ்ல அது கிடையாதே."

"அங்ஙனம், இங்ஙனம்னு எழுதுறியே, அது என்னவாம்?"

மதுரைக்காரன் கொஞ்ச நேரம் வாயத் திறக்கல, அப்புறம் கேட்டான், "சரி, எதுல க வரும் எதுல வராதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?"

"அர்-அ வெட்டிப் பாரு. சிங்னு ஒரு வார்த்தை மிஞ்சுது, அதனால க இல்ல. ஃபிங்னு ஒரு வார்த்தை இருக்கா? இல்ல, அதனால க இருக்கு."

"லாங்கர்ல வெட்டினா லாங் மிஞ்சுதே, அப்ப லாங்ஙரா?"

அங்கதான் அவன் மாட்டினான், ஏன்னா லாங்கர், ஸ்ட்ராங்கர், யங்கர் மூணுலயும் க நல்லாவே கேக்கும்.

காரணம் பழைய கதைல இருக்கு. ஒரு காலத்துல சிங், லாங் எல்லாத்துலயும் கடைசில க சத்தம் இருந்துச்சு, 16, 17-ம் நூற்றாண்டு வாக்குல வார்த்தையோட கடைசில மட்டும் அது கரைஞ்சு போச்சு, ஃபிங்கர்ல நடுவுல மாட்டிக்கிட்டதால தப்பிச்சிருச்சு. சிங்கர் 'சிங்' கூட ஒட்டிக்கிட்டு க-வ விட்டுருச்சு, ஆனா லாங்கர் மாதிரி ஒப்பிட்டு சொல்ற வார்த்தைங்க மட்டும் பழைய க-வ விடல. அதனால வெட்டிப் பாக்கற ரூல் 'பண்றவன்'னு அர்த்தம் வர்ற அர்-க்கு சரியா வரும், 'இன்னும் அதிகம்'னு வர்ற அர்-க்கு வராது.

இப்ப உங்க ரூம்மேட். மான்செஸ்டர், லிவர்பூல், பர்மிங்காம் பக்கம் அந்த க இன்னும் முழுசா போகல, அங்க நிறைய பேருக்கு சிங்கரும் ஃபிங்கரும் எதுகை மாதிரி ஒண்ணா ஒலிக்கும். அவனுக்கு இதுல ஒரு சந்தோஷம் கிடைக்கட்டும், ஆனா அங்கயும் ரெண்டு வார்த்தையிலயும் அது ங், க-ன்னு ரெண்டு சத்தமாத்தான் இருக்கு, ஒண்ணு இல்ல. பேப்பர்ல நீங்க சிங்கருக்கு ஒண்ணு, ஃபிங்கருக்கு ரெண்டுன்னே எழுதுங்க.