அண்டா வேண்டாம் என்கிற மருமகளுக்கு மாமன் சீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா மகளுக்குத் தையில் கல்யாணம். மாமன் சீராக 2 பவுன் சங்கிலி, குத்துவிளக்கு, அண்டா, தாம்பாளம் என்று அக்கா கணக்குப் போட்டிருக்கிறாள். பெண் பெங்களூரில் வாடகை வீட்டில் இருப்பவள். "பாத்திரமே வேண்டாம் மாமா, சங்கிலிக்குப் பதில் தங்கக் காசாகக் கொடுங்கள்" என்கிறாள். சபையில் குறையாகவும் தெரியக் கூடாது, அவளுக்கும் பயன்பட வேண்டும். என்ன செய்யலாம்?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

சபை பார்ப்பது உங்கள் கையால் நடப்பதைத்தான். நெற்றியில் பட்டம் கட்டுவது, மாலை போடுவது, பட்டுப்புடவை கொடுப்பது ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். பட்டத்தை ஒரு கிராமுக்குள் தங்கத் தகட்டில் செய்து தருவார்கள். தகடு மெல்லியது என்பதால் நூல் கோக்கும் துளைதான் முதலில் கிழியும். முதல் நாளே நூலைக் கோத்து வைத்துவிடுங்கள். மேடையில் அவசரத்தில் இழுத்தால் போச்சு.

தங்கக் காசா சங்கிலியா என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 2 பவுன், அதாவது 16 கிராம் சங்கிலிக்குத் தங்க மதிப்பு 1,60,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 19,200. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 5,376. ஆக 1,84,576 ரூபாய். அதே எடைக்கு 22 காரட் காசு வாங்கினால் கூலி 2 சதவீதம்தான் என்று கொண்டால், வரியோடு 1,68,096-இல் முடியும். மிச்சம் 16,480 ரூபாய்.

ஆனால் இந்த மிச்சம் எல்லோருக்கும் மிச்சமாகாது. ஆறு மாதம் கழித்து அவள் அந்தக் காசைப் போட்டு நகை எடுத்தால், அன்றைய விலைக்குச் சேதாரமும் வரியும் அவள் தலையில் விழும். காசுக்கு நீங்கள் கொடுத்த கூலியும் வரியும் திரும்பி வராது. எனவே அவளிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: காசை அப்படியே வைத்திருக்கப் போகிறாயா, நகையாக்கப் போகிறாயா? வைத்திருப்பாள் என்றால் காசு வாங்குங்கள். நகையாக்குவாள் என்றால், அவளையே கடைக்கு அழைத்துப்போய் அவளுக்குப் பிடித்த சங்கிலியை எடுப்பதுதான் லாபம். என்னைக் கேட்டால் 1 பவுனில் தினசரி போடும் சங்கிலி, 1 பவுன் காசு என்று பிரிப்பேன். தங்கக் கட்டி மட்டும் வேண்டாம். அவசரத்துக்கு வங்கியில் அடகு பிடிக்க மாட்டார்கள்.

சங்கிலி கல் வைக்காததாக இருக்கட்டும். விற்கும்போது கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள். நகையில் பி.ஐ.எஸ். முத்திரை, 22 காரட் தூய்மையைக் காட்டும் 22K916, ஆறு எழுத்து-எண் கொண்ட HUID என்ற அடையாள எண் மூன்றும் இருக்க வேண்டும். அந்த எண்ணை BIS Care செயலியில் போட்டால் நகையின் வகையும் தூய்மையும் வரும். கையில் இருப்பது சங்கிலி, திரையில் மோதிரம் என்று வந்தால் கடையை மாற்றுங்கள். ஒரே பில் 2 லட்சத்தைத் தொட்டால் முழுதும் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, தாண்டினால் பான் எண்ணும் கேட்பார்கள்.

அண்டாவை விட்டுவிடலாம். வாடகை வீட்டில் அது பரண் ஏறத்தான் போகிறது. ஓர் அடி உயரக் குத்துவிளக்கு ஒரு ஜோடியும் ஒரு தாம்பாளமும் போதும். விளக்கைக் கடையிலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். திருகு தேய்ந்திருந்தால் எண்ணெய் ஊற்றியதும் தண்டு சாயும். தட்டுகளை ஒற்றைப்படையில் 11 ஆக வைத்துப் பூ, பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், இனிப்பு என்று நிரப்பினால் வரிசை நிறைவாகத் தெரியும்.

அண்டாவுக்கு ஒதுக்கிய பணத்தில் வாஷிங் மெஷினோ குளிர்பதனப் பெட்டியோ வாங்கித் தருவதாக இருந்தால், இப்போதே வாங்கி மண்டபத்தில் நிறுத்தாதீர்கள். உத்தரவாதம் பெரும்பாலும் பில் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். பெட்டி பிரிக்காமலே மூன்று மாதம் கரையும். மாப்பிள்ளை ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தால் இரண்டாகிவிடும் (இது அடிக்கடி நடக்கிறது). தொகையை அவள் கணக்கில் போட்டு, "வீட்டுச் சாமானுக்கு, தாய்மாமன்" என்று எழுதிய அட்டையைப் புடவைத் தட்டில் வையுங்கள். தாய்மாமன் தருவதற்கு அவள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. பெண்ணுக்கு வந்த பரிசுகளை எழுதி வைக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்பு விதிகளே சொல்கின்றன. பொருளின் சிறு விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை எல்லாம் எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். மொய் நோட்டு எழுதுபவரிடமே இதற்குத் தனித் தாள் கொடுத்துவிடுங்கள். சங்கிலியின் எடையும் HUID எண்ணும் அதில் ஏறட்டும், பில் நகல் பெண்ணிடம் இருக்கட்டும்.