சிப் உள்ள அட்டையை இழுக்க விடாத மெசின், பிறகு ஏன் விட்டது?

"வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் 3,450 ரூபாவுக்கு அட்டையைக் கொடுத்தேன். தட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. காசாளர் இழுத்தார்; மெசின் `INSERT CARD` என்று காட்டியது. செருகினால் பிழை. மூன்று தடவை செருகிய பிறகு மறுபடி இழுத்தார், உடனே காசு போய்விட்டது. முதலில் மறுத்த மெசின் பிறகு ஏன் ஏற்றது? என் அட்டையை யாராவது பிரதி எடுத்திருப்பார்களோ?" – ஒரு வாசகி

நீங்கள் எழுதிய வரிசையில் பிரதி எடுத்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. பழுதாகியிருப்பது உங்கள் அட்டையின் சிப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்த மெசின் தன் விதிப்படியே நடந்திருக்கிறது.

எந்த வழியில் காசு எடுப்பது என்பதைக் காசாளர் தீர்மானிப்பதில்லை. அட்டையின் பின்புறத்திலுள்ள கறுப்புக் காந்தப் பட்டையில் அட்டை இலக்கமும் காலாவதித் திகதியும் பதிவாகியிருக்கின்றன. அந்தத் திகதியை அடுத்து மூன்று இலக்கங்கள் கொண்ட ஒரு குறியீடு வருகிறது. அது `201` என்பதுபோல 2 இல் அல்லது 6 இல் தொடங்கினால், 'இந்த அட்டையில் சிப் இருக்கிறது' என்று பொருள். `101` என்பதுபோல 1 இல் தொடங்கினால் சிப் இல்லை. காசாளர் முதன்முறை இழுத்தபோது மெசின் படித்தது இந்தக் குறியீட்டைத்தான். சிப் இருக்கிறது என்று பட்டையே சொல்லிவிட்டதால், பட்டையிலிருந்து காசு எடுக்காமல் செருகச் சொன்னது.

செருகியதும் மெசின் சிப்புக்கு மின்சாரம் கொடுத்து அதன் பதிலுக்குக் காத்திருக்கிறது. நலமான சிப் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்லிவிடும். உங்கள் சிப் பேசவில்லை. எனவே அட்டையை எடுத்து மறுபடி செருகச் சொன்னது. வழக்கமாக மூன்று முறை இப்படித் தோற்ற பிறகே, அதுவும் குறுகிய நேரத்துக்கு மட்டும், மெசின் இழுக்க அனுமதிக்கிறது. அப்போதும் அது உண்மையை மறைப்பதில்லை. வங்கிக்குப் போகும் செய்தியில், செருகினால் 05 என்றும் தட்டினால் 07 என்றும் இருக்கும் இடத்தில், 'சிப் தோற்றதால் இழுக்கப்பட்டது' என்பதற்கு 80 போன்ற வேறொரு குறி போகிறது. அதைப் பார்த்தே உங்கள் வங்கி சம்மதித்திருக்கிறது. சில வங்கிகள் சம்மதிப்பதே இல்லை.

இழுப்பது ஏன் கடைசி வழி என்றால், பட்டை எப்போது படித்தாலும் ஒரே தகவலையே தருகிறது. அதை ஒருமுறை படித்துக்கொண்டவன் வெற்று அட்டையொன்றில் அப்படியே எழுதிவிடலாம். சிப் அப்படியல்ல. தனக்குள்ளிருந்து ஒருபோதும் வெளியே வராத ஓர் இரகசியச் சாவியைக் கொண்டு, தொகை, திகதி, மெசின் அந்த நொடியில் தந்த ஓர் எழுந்தமான எண் ஆகியவற்றைச் சேர்த்து, அந்த ஒரு கொடுப்பனவுக்கு மட்டும் செல்லுபடியாகும் முத்திரையொன்றை அது கணிக்கிறது. அந்த முத்திரையைத் திருடினாலும் அடுத்த கடையில் பயன்படாது. தட்டும்போது நடப்பதும் இதே கணிப்புத்தான். இடையில் கம்பி இல்லை, அவ்வளவே.

இதனால்தான் மோசடிக்காரருக்குச் சிப் 'பழுதாக' இருப்பது பிடிக்கும். திருடிய பட்டைத் தகவலை, வேண்டுமென்றே கெடுத்த சிப் உள்ள அட்டையில் எழுதி, மூன்று முறை செருகித் தோற்று, பிறகு இழுக்கச் சொல்வது பழைய தந்திரம். கடைக்காரர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் அஞ்ச வேண்டியது வேறொன்றை. அட்டையை வங்கியின் மெசினில் இழுத்துவிட்டு, கணக்கு வைக்க என்று சொல்லி, பில் போடும் கணினியின் விசைப்பலகையோரம் உள்ள இன்னொரு பிளவிலும் இழுப்பவர்கள் உண்டு. அந்த இரண்டாவது இழுப்புக்கு எந்தத் தேவையும் கிடையாது. சிலர் நேர்மையாகவே பழைய பழக்கத்தில் செய்கிறார்கள். சிலர் பட்டையைப் பிரதி எடுப்பதற்காகவே செய்கிறார்கள். பார்த்து வேறுபடுத்த உங்களால் முடியாது. அட்டையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். உணவகத்தில் அட்டையை உள்ளே கொண்டுபோக விடாதீர்கள். மெசினை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அட்டையின் பின்னால் அச்சிட்ட மூன்று இலக்கங்கள் பட்டையில் இல்லை. இணையத்தில் வாங்க அவை வேண்டும் என்பதால், அட்டையைப் புரட்டிப் பார்க்கும் கண் எதற்குப் பார்க்கிறது என்றும் கவனியுங்கள்.

இன்னொரு கூட்டம் தொலைபேசியில் வரும்: "உங்கள் சிப் வேலை செய்யவில்லை என்று எங்களுக்குத் தெரிகிறது, இங்கிருந்தே புதுப்பித்துத் தருகிறோம், வந்த குறுஞ்செய்தி இலக்கத்தைச் சொல்லுங்கள்." எந்த வங்கியாலும் சிப்பைத் தொலைபேசியில் பழுதுபார்க்க முடியாது. சிப் போனால் அட்டையை மாற்றுவது ஒன்றே வழி.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிப் பேசாமலிருப்பது வேறு. சிப் பேசி, வங்கி 'முடியாது' என்பது வேறு. முதலாவதில் செருகிய ஓரிரு நொடிகளில், PIN கேட்பதற்கு முன்பே பிழை தோன்றும், அங்கே இழுக்கலாம். இரண்டாவதில் மெசின் PIN கேட்டு, வங்கியுடன் பேசி, பிறகு `DECLINED` என்று காட்டும். காசு போதாமலிருக்கலாம், இரகசிய இலக்கம் தவறியிருக்கலாம், அட்டை முடக்கப்பட்டிருக்கலாம். அந்த நிலையில் இழுப்பது விதிக்குப் புறம்பானது. அட்டையை முடக்கியது வங்கியே என்றால், பட்டையை இழுத்து அந்த முடிவைச் சுற்றிக்கொண்டு போகப் பார்ப்பதாகவே அது அமையும். "சிப்பில் எடுக்கவில்லை, இழுத்துப் பார்ப்போம்" என்று எவரேனும் சொன்னால், திரையில் இரண்டில் எது தோன்றியது என்று பார்த்த பிறகே அட்டையைக் கொடுங்கள். திரையைப் பார்க்கத் தவறியிருந்தால் பற்றுச்சீட்டைப் பாருங்கள். சிப்பில் எடுத்திருந்தால் பெரும்பாலும் `AID: A0000000031010` என்று விசாவுக்கும், `A0000000041010` என்று மாஸ்டர்காட்டுக்கும் ஒரு வரி இருக்கும். இழுத்த சீட்டில் அந்த வரி இராது.

இனி உங்கள் அட்டை. தட்டியது மட்டும் தோற்றிருந்தால் கவலையில்லை. பணப்பையில் இரண்டு அட்டைகள் ஒட்டியிருந்தாலோ தொகை வரம்பு மீறியிருந்தாலோ அப்படி நடக்கும். செருகியது மட்டும் தோற்றிருந்தால், பொன்னிறத் தகட்டில் அழுக்கு. அல்லது கடை மெசினின் பிளவில் தூசி. உங்களுக்கு இரண்டுமே தோற்றன. இரண்டுக்கும் பொதுவானது அந்த ஒரே சிப் என்பதால் அதன்மேல்தான் என் சந்தேகம். உலர்ந்த துணியால் தகட்டைத் துடைத்து வேறொரு கடையில் செருகிப் பாருங்கள். அங்கும் பேசாவிட்டால் மெசினைக் குறைசொல்ல இடமில்லை.

இத்தனை பலவீனமான பட்டையை ஏன் இன்னும் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், எனக்கும் பொறுமை போய்விடுகிறது. 2021 இல் மாஸ்டர்காட் அறிவித்த கால அட்டவணைப்படி, 2029 முதல் வழங்கும் அதன் புதிய கடன், பற்று அட்டைகளில் பட்டை இராது. பட்டை முற்றாக மறைவது 2033 இல். அதுவரை அந்தக் கதவு திறந்தே கிடக்கும். அதற்காக உங்கள் வங்கியும் உங்களைக் காக்க வைக்க வேண்டுமென்பதில்லை. கிளைக்குப் போனால் "இழுத்தால் வேலை செய்கிறதே" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். "சிப்பும் தட்டுவதும் வேலை செய்யவில்லை, 3,450 ரூபா இழுத்து எடுக்கப்பட்டது" என்று எழுத்தில் கொடுத்து, பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, மாற்று அட்டை கேளுங்கள். புதிய அட்டை வரும்வரை இதை இழுத்துக்கொண்டு திரியாமல், காசோ வேறு அட்டையோ பயன்படுத்துங்கள். பழையது முடக்கப்பட்டதை உறுதிசெய்த பின், பட்டையையும் சிப்பையும் குறுக்கே வெட்டிப் போடுங்கள்.