மூன்று சாண் துண்டும் ஒரு சிறுமியின் கையும்

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தே பருத்திக் கைத்துண்டுகளை இணையம் வழியாக விற்கிறேன். அரை நிமிட வீடியோவில் துணியின் இழையைக் கிட்டத்தில் காட்டி, என் பத்து வயது மகளின் கையைத் துண்டின் மேல் வைத்து, "மூன்று சாண் அகலம், சுத்தமான கைத்தறி, நீங்கள் இப்போது பார்க்கும் இதே துணிதான் உங்கள் வீட்டுக்கு வரும்" என்று என் நாத்தனாரைப் பேசவைத்தேன். கடைசியில், அளவு மாறலாம் என்று சிறிய ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறேன். 1,080 ரூபாய்க்கு ஆறு துண்டு வாங்கிய கோவைக்காரர், அளவும் சிறிது, துணியும் வேறு என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 25,000 ரூபாய் கேட்கிறார். அளந்து பார்த்தால் 45 சென்டிமீட்டர் இருக்கிறது. மகள் கைக்கு அது மூன்று சாண்தான். இரண்டாவது லாட் மட்டும் விசைத்தறியில் வந்துவிட்டது. நான் பொய் சொன்னதாக ஆகுமா? நாத்தனாரும் மாட்டுவாரா? வீடியோவை அழித்துவிடலாமா?

பதில்: சகோதரி, முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். வீடியோவைப் பொதுப் பார்வையிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். ஆனால் கோப்பை அழிக்காதீர்கள். வாங்கியவரிடம் அதன் பதிவு இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அவரிடம் இருந்து உங்களிடம் இல்லாமல் போனால், அழித்தது ஏன் என்ற கேள்விதான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முதலில் எழும். மூலக் கோப்பையும், நாத்தனார் படித்த எழுத்துப் பிரதியையும், வாடிக்கையாளருடன் நடந்த உரையாடலையும், இரு லாட்டுகளிலிருந்தும் சில துண்டுகளையும் தேதி எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள்.

பொய்யா இல்லையா என்று நீங்கள் கேட்பது இயல்பு. ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வேறு கேள்வியைக் கேட்கிறது. அதன் பிரிவு 2(28), பொய்யான விவரிப்போடு, பொருளின் தன்மை, அளவு, தரம் ஆகியவை பற்றி நுகர்வோரைத் தவறாக எண்ணவைக்கக் கூடிய விளம்பரத்தையும் சேர்த்தே தவறான விளம்பரம் என்கிறது. சொன்னவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதைவிட, பார்த்தவர் என்ன புரிந்துகொண்டிருப்பார் என்பதே இங்கு எடைபோடப்படும்.

அந்த அளவுகோலை உங்கள் வீடியோவில் வைத்துப் பார்ப்போம். உங்கள் மகளின் சாண் 15 சென்டிமீட்டர். மூன்று சாண் என்றால் 45. கணக்கு சரிதான். ஆனால் திரையில் தெரிவது ஒரு கை மட்டுமே. முகமோ வயதோ தெரிவதில்லை. பார்ப்பவர் தன் கையை நினைத்துத்தான் அளப்பார். பெரியவர் ஒருவரின் சாண் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வரும் என்பதால், அதே மூன்று சாண் அவர் மனத்தில் 60 சென்டிமீட்டர் ஆகிறது. சாமான் வைக்கும் இடத்துக்கோ, குழந்தையைத் துவட்டுவதற்கோ 60 சென்டிமீட்டர் என்று நம்பி வாங்கியவருக்கு 45 வந்தால், அவருடைய குறையை வெறும் சண்டை என்று தள்ள முடியாது. சொன்ன சொல் உண்மையாக இருந்தும் உண்டாக்கிய எண்ணம் தவறானது. 2(28) குறிவைப்பது இதைத்தான்.

சாண் என்ற சொல்லுக்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன் பிரிவு 11, விளம்பரத்திலோ வியாபாரத்திலோ அளவைச் சொல்வதானால் மெட்ரிக் முறையிலான நிலையான அலகில்தான் சொல்ல வேண்டும் என்கிறது. சாணும் முழமும் நம் வழக்கில் ஊறியவை, பூக்கடையில் இன்றும் முழம் போட்டுத்தான் வாங்குகிறோம். ஆனால் கை மாறினால் அளவும் மாறும் என்பதால்தான் அந்தச் சட்டம் இந்த அளவைகளை ஏற்பதில்லை. உங்கள் வழக்கு அதற்கு நேரடி உதாரணமாக அமைந்துவிட்டது. கையை வீடியோவில் காட்டுவது குற்றமல்ல. பார்ப்பவருக்கு அது உதவும். ஆனால் கை துணையாக இருக்க வேண்டுமே தவிர, அளவுகோலாக இருக்கக்கூடாது. துண்டு, வேட்டி, சேலை, படுக்கை விரிப்பு போன்றவற்றைப் பொட்டலமிட்டு விற்கும்போது முடித்த அளவை உறையில் குறிக்க வேண்டும் என்று பொட்டலப் பொருள் விதிகள், 2011 சொல்கின்றன. உங்கள் உறையில் சென்டிமீட்டரும் குரலில் சாணும் இருந்தால், அந்த முரணே எதிர்த்தரப்புக்குச் சான்றாகிவிடும்.

அளவைவிட எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் மூன்றாவது வரி. "இதே துணிதான் வரும்" என்று சொல்லிக்கொண்டே இழையைக் கிட்டத்தில் காட்டியபோது, நீங்கள் ஒரு மாதிரித் துணியைக் கையில் கொடுத்ததற்குச் சமமான நிலையை உண்டாக்கிவிட்டீர்கள். பொருள் விற்பனைச் சட்டம், 1930-இன் பிரிவு 17, மாதிரியைக் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் தரத்தில் அந்த மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. தொட்டுப் பார்க்க முடியாத வீடியோ, சட்டம் கருதும் மாதிரி ஆகுமா என்று வாதாட இடம் உண்டு. அந்த வாதத்தில் நீங்கள் வென்றாலும் பிரிவு 15 நிற்கிறது: விவரித்து விற்ற பொருள் விவரிப்போடு ஒத்திருக்க வேண்டும். கைத்தறி என்று சொல்லி விசைத்தறியை அனுப்பியது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், விவரிப்புக்கு மாறானது. போதாததற்கு, வணிகர் எந்த வகையிலாவது இருப்பதாகச் சொன்ன தரத்தில் குறை இருந்தால் அதைப் பழுது என்றே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 2(10) கொள்கிறது. எந்த வகையிலாவது என்பதில் குரலும் அடங்கும்.

இங்கே நீங்கள் ஏமாற்ற நினைத்ததாக நான் கருதவில்லை. வீடியோ எடுத்தது முதல் லாட்டை வைத்து. அனுப்பியது இரண்டாவது லாட்டை. சிறு வியாபாரத்தில் இந்தத் தவறு எளிதில் நேரும், ஏனெனில் துணி மாறும்போது குரல் பதிவு மாறுவதில்லை. ஆனால் பொருளில் குறை உண்டா என்பதற்கு ஆணையம் பார்ப்பது, வாங்கியவர் கைக்கு வந்த துண்டை மட்டுமே.

கடைசியில் போட்ட ஆங்கில வரி உங்களைக் காப்பாற்றாது. தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்காக 2022 ஜூனில் வெளியான மத்திய வழிகாட்டு நெறிகள் இதை நேராகவே தொடுகின்றன. அளவு மாறலாம் என்பது போன்ற பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பரக் கூற்றைச் சொன்ன அதே மொழியில் இருக்க வேண்டும். கூற்று குரலில் சொல்லப்பட்டால், வாசகம் அந்தக் குரலோடு இணைந்து, அதே வேகத்தில் காட்டப்பட வேண்டும். தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பின்வாங்குவதும், நடுவில் சொன்னதற்குக் கடைசியில் திருத்தம் போடுவதும் இந்த இரண்டிலுமே தவறுகின்றன. தவறான எண்ணம் தரும் கூற்றைத் துறப்பு வாசகத்தால் சரிசெய்யவும் முடியாது என்று அதே நெறிகள் கூறுகின்றன.

நாத்தனாரைப் பற்றிய கவலையை ஓரளவு விடலாம். எழுதிக் கொடுத்ததைப் படிக்கும் குரல், சாதாரணமாகப் பரிந்துரை ஆகாது. பேசுபவரின் சொந்தக் கருத்து அல்லது அனுபவம் என்று கேட்பவர் நம்பும்படி இருந்தால்தான் அது பரிந்துரை. "நான் ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன், சாயம் போகவே இல்லை" என்று அவர் பேசியிருந்தால் நிலை வேறு. தவறான விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, பிரிவு 21-இன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் மேற்கோள் காட்டிய வரிகளில் அப்படி எதுவும் இல்லை. பொறுப்பு விற்பவரான உங்களுடையது.

இனி நோட்டீஸ். கெடுவுக்குள் பதில் போகவேண்டும். மௌனம் உங்களுக்கு எதிராகவே படிக்கப்படும். பதிலில் அளவைப் பற்றி வாதாடுவதைவிட, துணி மாறியதை ஒப்புக்கொண்டு, 1,080 ரூபாயும் இருவழி அனுப்புச் செலவும் தருவதாகவும், துண்டுகளை உங்கள் செலவில் திரும்பப் பெறுவதாகவும் எழுதுங்கள். விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்பது மின்வணிக விதிகள், 2020-இல் விற்பவர் மீது உள்ள கடமை. ஆகவே இதை நீங்கள் சலுகையாகக் காட்டவும் முடியாது. கோவைக்காரர் தான் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் செய்யலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் செய்தால் போதும், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. அவருக்கு இவ்வளவு எளிதான வழி இருக்க, ஈரோட்டிலிருந்து நீங்கள் கோவைக்கு நடப்பதுதான் உங்களுக்குப் பெரிய செலவு.

மீதி ஏறத்தாழ 24,000 ரூபாய் மன உளைச்சலுக்கும் செலவுக்குமாகக் கேட்கப்படுவது. இதற்கு உடனே சம்மதிக்க வேண்டியதில்லை. அதற்கான ஆதாரத்தைக் கேளுங்கள். குறை தெரிந்ததும் விளம்பரத்தை நிறுத்தி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்ததை எழுத்தில் பதியுங்கள். இழப்பீட்டைத் தீர்மானிக்கும்போது விற்பவரின் நடத்தையும் பார்க்கப்படும். பதிலை, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். வரைவை அனுப்பும் முன் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவர் நோட்டீஸோடு சேர்த்துப் படிப்பது நல்லது. கோவைக்காரர் அனுப்பிய நோட்டீஸின் வாசகம் என்னிடம் இல்லை.

புதிய வீடியோவுக்கு முன், இப்போதைய லாட்டிலிருந்து ஐந்து துண்டுகளை எடுத்து, மேசையில் இழுக்காமல் விரித்து, எஃகு டேப்பால் ஒவ்வொன்றையும் மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள். கிடைத்தவற்றில் மிகக் குறைந்த அளவைச் சொல்லுங்கள். குரல் பிரதி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"இது பருத்திக் கைத்துண்டு. விசைத்தறித் துணி. அகலம் 45 சென்டிமீட்டர், நீளம் 70 சென்டிமீட்டர். பக்கத்தில் இருப்பது பெரியவர் ஒருவரின் கை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 18 சென்டிமீட்டர். இழை தெரிவதற்காகத் துணியைப் பெரிதாக்கிக் காட்டுகிறோம். சொன்ன அளவு சலவைக்கு முந்தையது. முதல் சலவையில் துணி சற்றுச் சுருங்கும்."

இந்த எண்கள் உதாரணமே. உங்கள் துண்டையும் படத்தில் வரும் கையையும் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். அளவு சொல்லும் நொடியில் அந்த எண் தமிழில் திரையிலும் தெரியட்டும்; அந்த நேரத்தில் டேப்பையும் துண்டின் ஓரத்தில் வைத்துக் காட்டினால் சாணுக்கு வேலையே இருக்காது. "சுருங்கும்" என்ற வரியைச் சிலர் வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள், சலவைக்குப் பின் அளந்து பார்த்துப் புகார் எழுதுபவருக்கு அந்த ஒரு வரிதான் பதில். கைத்தறி லாட் மறுபடி வந்தால், நெசவாளரின் அல்லது சங்கத்தின் ரசீது கையில் இருக்கும்போது மட்டும் கைத்தறி என்று பேசவையுங்கள், ஏனெனில் சொன்னதை நிரூபிக்கும் சுமை விளம்பரம் செய்தவர் மேல்தான் விழும். ஒவ்வொரு லாட்டுக்கும் இழைக் காட்சியைப் புதிதாக எடுத்து, லாட் எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, சரக்கு தீர்ந்த அன்றே பழைய வீடியோவை இறக்கிவிடுங்கள்.