ஹெட்போனில் டிவி: வாய் முந்துகிறது, குரல் பிந்துகிறது

அக்கா, டிவியில் ப்ளூடூத் இருக்கிறது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. ஹெட்போனை ஆன் செய்து பக்கத்தில் வைத்தாலும் பட்டியலில் பெயரே வரமாட்டேன் என்கிறது.

ஹெட்போன் ஆன் ஆனதும் கடைசியாகப் பழகிய போனைத்தான் முதலில் தேடும். அதோடு சேர்ந்துவிட்டால் டிவியின் கண்ணில் படாது. அதனால் முதலில் போனின் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள். பிறகு ஹெட்போனின் பவர் பட்டனை விளக்கு வேகமாக மின்னும் வரை அழுத்திப் பிடியுங்கள். இயர்பட்ஸ் என்றால் பெரும்பாலும் அதன் டப்பாவில் பட்டன் இருக்கும். அப்புறம் டிவியில் தேடுங்கள். சாம்சங்கில் `Sound Output` உள்ளே `Bluetooth Speaker List` இருக்கும். ஆண்ட்ராய்டு, கூகுள் டிவிகளில் `Remotes & Accessories` பக்கம் போங்கள்.

அப்படியும் வரவில்லையா? சில டிவிகளில் ப்ளூடூத் ரிமோட்டுக்காக மட்டுமே வைக்கப்பட்டிருக்கும். சத்தம் எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுவில் ப்ளூடூத் என்ற வரியே இல்லையென்றால் அதுதான் காரணம். அந்த டிவிக்கு, அதன் சத்தத்தை வாங்கி ப்ளூடூத்தில் ஹெட்போனுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் ஒன்று தனியாகத் தேவைப்படும்.

யூட்யூபில் சரியாக இருக்கிறது. செட்டாப் பாக்ஸில் செய்தி பார்த்தால் மட்டும் வாய் முதலில் அசைகிறது, குரல் பின்னால் வருகிறது. ஹெட்போன் கெட்டுவிட்டதா மேடம்?

ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றில் சரியாகவும் இன்னொன்றில் தப்பாகவும் இருக்கிறது என்று கவனித்தீர்களே, அதிலேயே விடையும் இருக்கிறது.

ப்ளூடூத்தில் சத்தம் அப்படியே பாய்ந்து போவதில்லை. டிவி அதைச் சுருக்கி, சிறு பொட்டலங்களாக அனுப்புகிறது. ஹெட்போன் அவற்றைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, விரித்து ஒலிக்கிறது. வழியில் ஒரு பொட்டலம் தவறினாலும் இடைவெளி விழக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சேமிப்பு. இதற்கெல்லாம் சாதாரணமாக 150 முதல் 250 மில்லிசெகண்ட் பிடிக்கும்.

யூட்யூப் டிவிக்குள்ளேயே ஓடும் செயலி. சத்தம் எவ்வளவு பிந்தும் என்று டிவியிடம் தெரிந்துகொண்டு, படத்தையும் அதே அளவு நிறுத்தி வைத்துக் காட்டும். அதனால்தான் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. செட்டாப் பாக்ஸின் படமோ எச்டிஎம்ஐ வழியாக வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலான டிவிகள் அதை வந்த உடனே காட்டிவிடும், ஹெட்போனுக்காகக் காத்திருக்காது.

எவ்வளவு பிந்துகிறது என்று நீங்களே அளக்கலாம். ஹெட்போனின் ஒரு காதைப் போனின் மைக் அருகே வைத்து, செய்தி வாசிப்பவரின் முகத்தை வீடியோ எடுங்கள். ப, ம என்ற எழுத்துகளில் உதடுகள் மூடித் திறக்கும் அல்லவா, அந்த இடத்தைப் பிடித்து ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்துங்கள். வீடியோ நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் சுமார் 33 மில்லிசெகண்ட். உதடு திறந்து 6 ஃப்ரேம் கழித்து ‘ப’ கேட்டால், தாமதம் ஏறக்குறைய 200. குரல் 125 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தினால் பார்ப்பவர்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. குரல் முந்தினாலோ 45-லேயே தெரிந்துவிடுமாம். உங்களுடையது 200 பக்கம் இருந்தால் உறுத்தத்தான் செய்யும்.

செலவில்லாத வழி, அதே சேனல் டிவிக்குள் செயலியாகக் கிடைத்தால் அதில் பார்ப்பது. செட்டாப் பாக்ஸிலேயே ப்ளூடூத் இருந்தால் ஹெட்போனை நேராக அதோடு இணைத்துப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், டிவியோடு மாட்டும் தனி அனுப்பும் பெட்டியோடு வரும் ரேடியோ அலை ஹெட்போன்தான் என் தேர்வு. அதில் தாமதம் உணரும் அளவுக்கு இருக்காது.

இதற்கு இவ்வளவு எதற்கு? டிவியில் ஏவி சிங்க் என்று இருக்கிறதே, அதைக் கூட்டினால் போதும். ப்ளூடூத் 5.3 ஹெட்போன் வாங்கினாலும் தாமதம் போய்விடும். சரிதானே?

அந்த அமைப்பு இருப்பது சரிதான். ஆனால் அது பெரும்பாலான டிவிகளில் சத்தத்தைத்தான் தாமதப்படுத்தும். சத்தம் முந்தி வரும்போது உதவுவதற்காக வைத்தது. இங்கே சத்தம் ஏற்கெனவே பிந்துகிறது, கூட்டினால் இன்னும் பிந்தும். யாராவது முன்பு கூட்டி வைத்திருந்தால் 0-க்குக் கொண்டு வாருங்கள், அந்த அளவுக்குக் குறையும்.

பதிப்பு எண் பெரிதாக இருப்பதால் மட்டும் தாமதம் குறையாது. சத்தத்தைச் சுருக்கும் முறைதான் முக்கியம். எஸ்பிசி எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான முறை. ஏப்டிஎக்ஸ் லோ லேட்டன்சி சுமார் 40 மில்லிசெகண்டில் முடித்துவிடும், ஆனால் அனுப்புவதற்கும் கேட்பதற்கும் இரண்டுக்குமே அது தெரிந்திருக்க வேண்டும். ஹெட்போனில் மட்டும் இருந்து டிவியில் இல்லையென்றால், இரண்டும் தங்களுக்குப் பொதுவான வேறொரு முறைக்குப் போய்விடும்.

முதல் கேள்வி கேட்டவன்தான் அக்கா. டிரான்ஸ்மிட்டர் வாங்கி ஆப்டிகல் கம்பியில் மாட்டினேன். விளக்கு எரிகிறது, ஹெட்போனும் சேர்ந்துவிட்டது, சத்தம்தான் இல்லை.

டிவியின் சவுண்ட் அமைப்பில் `Digital Audio Output` என்று ஒன்று இருக்கும். அதை `PCM` என்று மாற்றுங்கள். இப்போது அது டால்பியாகவோ ஆட்டோவாகவோ இருக்கும். இந்தச் சிறு டிரான்ஸ்மிட்டர்களுக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது, அதனால் மௌனமாகிவிடும் அல்லது கரகரக்கும். சில நிகழ்ச்சிகளில் மட்டும் சத்தம் வந்து சிலவற்றில் வரவில்லையென்றாலும் இதையே சந்தேகியுங்கள். இது தெரியாமல் நான் ஒரு நல்ல டிரான்ஸ்மிட்டரைக் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இன்றும் வருத்தமாக இருக்கிறது.

போனில் பார்க்கும் படத்தின் சத்தம் டிவியில் வர வேண்டும். எந்த ஹெட்போன் வாங்கலாம்?

இது எதிர்த்திசை, ஹெட்போனே வேண்டாம். போனின் காஸ்ட் பட்டனை அழுத்தி டிவியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

என்னிடம் இருப்பது ரோகு ஸ்ட்ரீமிங் கருவி. அதன் போன் ஆப்பிலேயே ஹெட்போன் படம் இருக்கிறது. அழுத்தினால் டிவியைக் காணவில்லை என்கிறது.

போனும் ரோகுவும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். போன் விருந்தினர் வைஃபையிலோ மொபைல் டேட்டாவிலோ இருந்தால் இப்படித்தான் ஆகும். போனில் விபிஎன் ஓடினாலும் வரலாம், அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இணைந்ததும் டிவி மௌனமாகி, சத்தம் போனுக்கு வரும். போனிலிருந்து ப்ளூடூத்துக்குப் போனால் அது இரண்டாவது பயணம், தாமதமும் கூடும். போனில் கம்பி ஹெட்போன் மாட்ட முடிந்தால் அந்த இரண்டாவது பயணம் மிச்சம். இல்லையென்றால் ஆப்பின் அமைப்பில் ஆடியோ தாமதத்தைச் சரிசெய்யும் இடம் இருக்கிறது, ஒருமுறை செய்து வையுங்கள்.

எங்கள் பாட்டிக்குக் காது மந்தம். அவர் ஹெட்போனில் கேட்கும்போது நாங்களும் டிவியில் கேட்க வேண்டும். முடியுமா?

சில டிவிகளில் முடியும். எல்ஜியின் புதிய டிவிகளில் ப்ளூடூத்தும் டிவி ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்கும் தேர்வு இருக்கிறது. உங்களுக்கு வரும் குரலைவிடப் பாட்டிக்கு வரும் குரல் சற்றுப் பிந்தும். அவருக்கு ஸ்பீக்கரும் கொஞ்சம் கேட்டால் ஒரே சொல் இரண்டு முறை விழுந்து குழப்பும், அதனால் காதை முழுதாக மூடும் ஹெட்போன் கொடுங்கள். அவர் காது கேட்கும் கருவி போட்டிருந்தால், டிவியோடு இணைக்க அதே நிறுவனம் தனிக் கருவி விற்கிறதா என்று முதலில் கேளுங்கள். கருவிக்கு மேல் ஹெட்போன் மாட்டினால் சிலருக்குக் கீச்சென்று ஒலிக்கும்.

எனக்கு எல்லாம் சரி, ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் சத்தம் விட்டு விட்டு வருகிறது. பகலில் இல்லை.

ப்ளூடூத்தும் பல வீடுகளின் வைஃபையும் ஒரே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. அந்த நேரத்தில் வீட்டில் எல்லோரும் வைஃபையில் இருப்பார்கள், அக்கம்பக்கத்திலும்தான். டிவியின் வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். டிவியின் பின்னால் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் இருந்தால் கழற்றிப் பாருங்கள், அதுவும் இதே அலையில் இரைச்சல் போடும். நான் சொல்வது சந்தேகம்தான், இன்னும் உறுதியில்லை. அடுத்த முறை விட்டு வரும்போது டிவிக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் போய் நின்று கேளுங்கள். அங்கேயும் விட்டு விட்டு வருகிறதா என்று எழுதுங்கள், அதை வைத்து மேலே பார்ப்போம்.