பிட்யூட்டரியில் ஒரு சின்னப் புள்ளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தலைவலிக்காக எடுத்த எம்ஆர்ஐயில் ‘3 மி.மீ. பிட்யூட்டரி மைக்ரோஅடினோமா’ என்று வந்திருக்கிறது. வயது 41. இது மூளைப் புற்றுநோயா?

இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சின்னச் சுரப்பியில், 10 மி.மீ.-க்குள் இருக்கும் சாதாரணக் கட்டியைத்தான் மைக்ரோஅடினோமா என்கிறோம். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி ஏதாவது ஒரு புள்ளி தென்படும். பெரும்பாலானவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் தராது. 3 மி.மீ. கட்டி பார்வை நரம்பைத் தொடாது. உங்கள் தலைவலிக்கும் அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆகவே அதற்கு வேறு காரணம் தேடச் சொல்லுங்கள்.

5 மி.மீ. கட்டிக்கு ‘முழு பிட்யூட்டரி ப்ரொஃபைல்’ எடுக்கச் சொன்னார்கள். பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. எல்லாமே தேவையா?

தேவையில்லை. உடம்பில் எந்தக் குறையும் தெரியாதவருக்கு முதல் சுற்றில் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டின், க்ரோத் ஹார்மோனின் அளவைக் காட்டும் ஐ.ஜி.எஃப்-1 இரண்டும் போதும். கூடவே தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4 பார்த்துக்கொள்ளலாம். ஃப்ரீ டி4 எதற்கு என்றால், டி.எஸ்.ஹெச். பிட்யூட்டரியிலிருந்தே வருவது, கோளாறு அங்கேயே இருந்தால் டி.எஸ்.ஹெச். மட்டும் பார்த்தால் ஏமாற்றிவிடும்.

க்ரோத் ஹார்மோனை நேரடியாக அளப்பதில் பயனில்லை. அது நாளெல்லாம் ஏறி இறங்கும். ஐ.ஜி.எஃப்-1 நிலையானது, ஆனால் அதை உங்கள் வயதுக்கான அளவோடுதான் ஒப்பிட வேண்டும். க்ரோத் ஹார்மோன் கூடியதைக் காட்டும் மோதிரம் இறுகுவது, செருப்பு சைஸ் கூடுவது போன்றவை இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

ஹார்மோன் குறைவு இருக்கிறதா என்ற சோதனைகளைப் பொறுத்தவரை, 6 மி.மீ.-க்குக் கீழே அறிகுறி இல்லாவிட்டால் நான் எடுப்பதில்லை. அவ்வளவு சிறிய கட்டி, சுற்றியிருக்கும் சுரப்பியை நசுக்குவது மிக அரிது.

ப்ரோலாக்டின் 64. ஆபத்தா? என்ன மருந்து?

இவ்வளவுதான் கடிதம். வயது இல்லை, ஆணா பெண்ணா தெரியவில்லை, சாப்பிடும் மாத்திரை ஒன்றுகூடக் குறிப்பிடவில்லை. கர்ப்பமாக இருந்தால் 64 முற்றிலும் இயல்பு. தைராய்டு குறைவாக இருந்தாலும் இது ஏறும். தயவுசெய்து முழு விவரத்தோடு எழுதுங்கள். அதுவரை எந்த மருந்தையும் ஆரம்பிக்காதீர்கள்.

வயது 29. மாதவிடாய் நாலைந்து மாதமாகத் தள்ளிப்போகிறது, மார்பில் லேசாகப் பால் கசிகிறது. ப்ரோலாக்டின் 118, எம்ஆர்ஐயில் 4 மி.மீ. கட்டி. ப்ரோலாக்டினைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரை ஆரம்பித்ததும் அளவு இறங்கிவிட்டது, ஆனால் வயிற்றைப் பிரட்டுகிறது. எத்தனை வருடம் சாப்பிட வேண்டும்? (அசிடிட்டிக்கு ஒரு மாத்திரை மட்டும் ஆறு மாதமாக எடுக்கிறேன்.)

அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டிருப்பதுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான வரி. மாத்திரை அட்டையின் படத்தை அனுப்பியிருந்தீர்கள், நல்லவேளை. அதில் ரேபிப்ரசோலோடு லெவோசல்பிரைடும் சேர்ந்திருக்கிறது. லெவோசல்பிரைடு, டோம்பெரிடோன், மெட்டோக்ளோப்ரமைடு இந்த மூன்றும் ப்ரோலாக்டினை ஏற்றும். சாதாரணமாக பிட்யூட்டரி ப்ரோலாக்டினை அதிகம் சுரக்காமல் டோபமின் தடுத்து வைத்திருக்கிறது. இந்த மருந்துகள் அந்தத் தடையை எடுத்துவிடுகின்றன. நூறைத் தாண்டுவது ஆச்சரியமே இல்லை. பால் கசிவு, மாதவிடாய் தள்ளிப்போவது எல்லாம் இதனாலேயே வரும்.

நம் ஊரில் கேஸ் மாத்திரை என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பதில் பல இந்தக் கூட்டு மருந்துகள்தான். மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள், மருத்துவர் கேட்டால் ‘வேற மருந்து ஒண்ணும் இல்லைங்க’ என்கிறார்கள். கேட்காத மருத்துவர்களும் இருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அட்டையைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். எடுத்தால் பத்தில் ஒருவருக்குப் புள்ளி தெரியத்தானே செய்யும்? உடனே இரண்டையும் முடிச்சுப்போட்டு ப்ரோலாக்டினோமா, அதாவது ப்ரோலாக்டின் சுரக்கும் கட்டி என்று எழுதிவிடுகிறார்கள்.

ப்ரோலாக்டின் இறங்கியதே ஆதாரம் என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது ஆதாரம் ஆகாது. எந்தக் காரணத்தால் ஏறினாலும் கேபர்கோலின் ப்ரோலாக்டினை இறக்கும். அதன் பக்கவிளைவு குமட்டல். அந்தக் குமட்டலுக்கு டோம்பெரிடோன் கொடுத்தால் ஒரு மருந்து ஏற்றும், இன்னொன்று இறக்கும், நோயாளி நடுவில் மாட்டிக்கொள்வார்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. உங்கள் மருத்துவரிடம் அந்த அட்டையைக் காட்டி, லெவோசல்பிரைடு இல்லாத வெறும் அசிடிட்டி மாத்திரைக்கு மாற்றச் சொல்லுங்கள். கேபர்கோலினையும் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். அதன் வேலை உடம்பில் வாரக்கணக்கில் நிற்கும், அதனால் ஓரிரு மாதம் கழித்து ப்ரோலாக்டின் எடுங்கள். கேபர்கோலின் தொடாதவர்கள் இவ்வளவு காத்திருக்க வேண்டாம், வயிற்று மாத்திரையை நிறுத்தி ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம். எழுந்து இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு, பதற்றமில்லாமல் உட்கார்ந்து ரத்தம் கொடுங்கள். டி.எஸ்.ஹெச்.சும், கர்ப்பம் இல்லை என்ற சோதனையும் கட்டாயம். அளவு 20, 25-க்குள் வந்து மாதவிடாயும் திரும்பினால், உங்களுக்கு இருப்பது சுரக்காத ஒரு சின்னப் புள்ளி. மறுபடி 100-க்கு மேல் போனால் அது உண்மையான ப்ரோலாக்டினோமாவாக இருக்கலாம், அப்போது கேபர்கோலின்தான் சரியான மருந்து.

ஒரு எச்சரிக்கை. மனநல மருந்துகளில் ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவையும் ப்ரோலாக்டினை ஏற்றும். அவற்றைச் சோதனைக்காக நீங்களாக நிறுத்தவே கூடாது. எழுதிக்கொடுத்த மனநல மருத்துவரே முடிவு செய்யட்டும்.

ப்ரோலாக்டின் 70, ஆனால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. எந்த மருந்தும் எடுப்பதில்லை, தைராய்டும் சரி. வயது 34.

மேக்ரோப்ரோலாக்டின் சோதனை கேளுங்கள், பெரிய லேப்களில் செய்வார்கள். ப்ரோலாக்டின் வேறு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அளவைக் கூட்டிக் காட்டும், உடம்பில் அதனால் விளைவு இருக்காது. அதுதான் என்றால் சிகிச்சையே வேண்டாம்.

காலை கார்டிசால் 21 என்று வந்தது. கூகுளில் பார்த்தால் குஷிங் நோய் என்கிறது.

கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறி இருப்பதுதான் குஷிங், ஆனால் ஒரு காலை கார்டிசாலை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. காலையில் 21 இருப்பது சகஜம். தோலில் அகலமான ஊதா நிறக் கோடுகள், லேசாகத் தட்டினாலே ரத்தக்கட்டு, தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாத தொடை பலவீனம் ஆகியவை இருந்தால் மட்டும் முறையான சோதனை தேவை. இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் விழுங்கி, மறுநாள் காலை 8 மணிக்கு கார்டிசால் பார்ப்பது. 1.8-க்குக் கீழே இறங்கினால் குஷிங் இல்லை என்று கொள்ளலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சோதனை பொய்யாக உயர்த்திக் காட்டும். மறுபடியும் சொல்கிறேன், மருந்துப் பட்டியலை மறைக்காதீர்கள்.

மகளுக்கு 16 வயது. ‘பிட்யூட்டரி பெரிதாக உள்ளது, 9 மி.மீ. உயரம், அடினோமா இருக்கலாம்’ என்று ரிப்போர்ட்.

அந்த வயதுப் பெண்களுக்கு சுரப்பியின் உயரம் 10 மி.மீ. வரை இயல்புதான். டி.எஸ்.ஹெச். மட்டும் உடனே பாருங்கள். தைராய்டு மிகவும் குறைந்தால் பிட்யூட்டரி வீங்கிக் கட்டி போலத் தெரியும், தைராக்ஸின் கொடுத்தால் சுருங்கிவிடும். அறுவை சிகிச்சை பற்றிய பேச்சே இப்போது வேண்டாம்.

எல்லா ஹார்மோனும் சரி, கட்டி 6 மி.மீ. மறுபடி எம்ஆர்ஐ எப்போது?

ஒரு வருடம் கழித்து, அதே சென்டரில், பிட்யூட்டரிக்கென்று கான்ட்ராஸ்ட்டோடு எடுங்கள். பழைய சிடியைக் கையில் கொண்டுபோங்கள். 6 என்பது 7 ஆனால் பதற வேண்டாம், அளப்பதிலேயே அவ்வளவு வித்தியாசம் வரும். புதிய அறிகுறி எதுவும் இல்லாமல், அளவும் மாறாமல் இருந்தால் ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.