சி மொழியில் மைனஸ் எண்ணுக்கு மீதி ஏன் மைனஸில் வருகிறது?

> "இன்று செவ்வாய், அதாவது 2. பத்து நாளுக்கு முன் என்ன கிழமை என்று பார்க்க (2 - 10) % 7 போட்டேன். 6 வரும் என்று நினைத்தால் -1 வருகிறது."

உங்கள் கம்பைலரில் தவறில்லை. சி மொழியில் முழு எண்களை வகுத்தால் தசமப் பகுதி அப்படியே வெட்டப்படும். -8 / 7 என்பது -1.14 சொச்சம், வெட்டினால் -1. கீழே இறங்கி -2 ஆகாது, பூஜ்ஜியத்தின் பக்கம்தான் நகரும். 1999 தரத்திலிருந்து இது உறுதியான விதி.

மீதி இந்த ஈவைப் பொறுத்தே வரும். ஈவு × 7 என்பது -7. அதிலிருந்து -8-ஐ எட்ட இன்னும் -1 வேண்டும், அதுதான் மீதி. ஆகவே மீதி பூஜ்ஜியமாக இல்லாவிட்டால், அதன் குறி வகுபடும் எண்ணின் குறியாகவே இருக்கும். பைத்தானில் ஈவு -2 ஆவதால் அங்கே 6 கிடைக்கும். பலர் குழம்புவது இங்கேதான்.

சரி, உங்களுக்கு வேண்டிய சனிக்கிழமைக்கு இப்படி எழுதுங்கள்:

```c
int k = (2 - 10) % 7;
if (k < 0) k += 7;   /* 6 */
```

இந்த if இல்லாமல் k-வை அரே இண்டெக்ஸாகக் கொடுத்தால், அரேக்கு வெளியே உள்ள இடத்தைப் படிப்பீர்கள். எர்ரர் வராமலே குப்பை மதிப்பு வரலாம்.

அப்புறம், ஒற்றைப்படை பார்க்க `n % 2 == 1` என்று எழுதாதீர்கள். -3-க்கு மீதி -1, சோதனை தோற்றுவிடும். `n % 2 != 0` போடுங்கள்.